“போட்டுட்டு மறந்துடுங்க” என்று சொல்லி விற்ற தண்ணீர்த் தொட்டி கன்ட்ரோலர்: 11,600 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கீழே சம்ப், மேலே டேங்க் வைத்திருப்பவர்கள் மோட்டாரைத் தானாக ஓடவிட கன்ட்ரோலர் வாங்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

வீடு சேலம் தாதகாப்பட்டியில். சம்ப் 6,000 லிட்டர், மாடியில் 1,000 லிட்டர் டேங்க், நடுவில் 1 எச்.பி. மோனோபிளாக் மோட்டார். மேட்டூர் தண்ணீர் தினமும் வருவதில்லை. வராத நாளில் போர் தண்ணீரையும் சம்பில்தான் விடுகிறோம். அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு வாரத்தில் குழாய் வாயில் வெள்ளை படிந்துவிடும்.

அதனால்தான் கடையில் முதல் கேள்வியே அதைக் கேட்டேன். டவுனில் பம்ப், மின்சாதனம் விற்கிற கடை, பெயர் வேண்டாம். கம்பி சென்சார் வைத்த பெட்டியைக் காட்டினார். “எங்களுது உப்புத் தண்ணிங்க, இந்தக் கம்பி தாங்குமா?” என்றேன். ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து, இரண்டு கம்பியை அதில் விட்டு, பச்சை விளக்கு எரிவதைக் காட்டினார். “உப்பு இருந்தாதாங்க கரண்டு நல்லா பாயும். ஸ்டீல் கம்பி, துருவே புடிக்காது. போட்டுட்டு மறந்துடுங்க.” அந்த இடத்தில்தான் விழுந்தேன். உப்பு இருந்தால் கரண்ட் நன்றாகப் பாயும் என்பது உண்மைதானே. விஷயம் தெரிந்தவர் என்று நம்பி, பெட்டி, மேலும் கீழும் கம்பி செட், ஒயர், பொருத்துக் கூலி எல்லாம் சேர்த்து 6,800 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

நாலு மாதம் ஒழுங்காக ஓடியது. ஐந்தாவது மாதம் மாமியார் வீட்டுக்கு ஆத்தூர் போயிருந்தோம். காலையில் பக்கத்து வீட்டு அக்கா போன். “தம்பி, ராத்திரி பூரா உங்க மாடியில தண்ணி கொட்டுச்சு. இப்ப தண்ணி நின்னுடுச்சு, மோட்டார் மட்டும் கத்திக்கிட்டே இருக்கு.” அவங்களையே வெளியே இருக்கிற மெயினை அணைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பி ஓடி வந்தோம்.

மேலே ஏறி மூடியைத் திறந்தேன். ஒரு செட்டில் நாலு கம்பி. அதில் மூன்றின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கட்டி. நாலாவது, அதாவது எல்லாக் கம்பிக்கும் பொதுவான கம்பி, கழுத்தில் ஊசிபோல் தேய்ந்து ஒடிந்து டேங்கின் அடியில் கிடந்தது. பெட்டியின் முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் டி.சி. 9 வோல்ட், அசையாமல் நிற்கிறது. ராத்திரி பகலாக ஒரே திசையில் கரண்ட் போனால் பாசிட்டிவ் பக்கக் கம்பி கரையும், நெகட்டிவ் பக்கக் கம்பியில் சுண்ணாம்பு படியும். ஸ்டீலாக இருந்தாலும் இதுதான் கதி. தண்ணீரில் உப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகம். எதை அவர் நல்லது என்று சொல்லி விற்றாரோ, அதுவே கம்பியைத் தின்றுவிட்டது.

பொதுக் கம்பி போனதும் பெட்டிக்கு மேல் டேங்க் காலி என்று தோன்றிவிட்டது. ராத்திரி முழுக்க ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

சரி, சம்ப் காலியானதும் நின்றிருக்க வேண்டாமா? அதற்கும் சேர்த்துத்தானே காசு வாங்கினார்கள்? சம்பைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் நாலு விரல் தண்ணீர்தான் இருக்கிறது, கம்பிகள் அந்தரத்தில் தொங்குகின்றன. ஆனால் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தால் சம்பில் தண்ணீர் இருக்கிறது என்று பச்சை விளக்கு. கரண்டை அணைத்துவிட்டு, கம்பிகளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் மூடியின் அடியைப் பார்த்தேன். மூடிய சம்புக்குள் வேர்க்கிற ஈரமும் வழவழப்பும் ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் போட்டிருந்தது. பழைய பனியனால் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். பச்சை அணைந்தது. துடைத்தேன், அணைந்தது, அவ்வளவுதான் அந்தப் பாதுகாப்பு.

தண்ணீர் இல்லாமல் ஓடினால் ஓவர்லோடு டிரிப் ஆகும் என்று நினைத்திருந்தேன். ஆகாது. தூக்க வேண்டிய தண்ணீர் இல்லாததால் மோட்டார் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் கரண்ட் இழுக்கும். வெந்து போனது சீல், தண்ணீர்தான் அதைக் குளிர வைக்கும். அது எனக்கு அப்போது தெரியாது. மறுநாள் லாரித் தண்ணீர் ஊற்றி மோட்டாரைப் போட்டபோது, போன சீல் வழியாகத் தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கி, மோட்டார் காயிலிலும் புகுந்து புகைந்துவிட்டது. ரீவைண்டிங், சீல், பேரிங் 3,900. லாரித் தண்ணீர் 900. மொத்தம் 11,600 ரூபாய்.

கடைக்குப் போனேன். ஒரு வருட வாரண்டி அட்டை கையில் இருக்கிறது. “பெட்டி நல்லாத்தானே இருக்கு, கம்பி வாரண்டில வராதுங்க.” ஒடிந்த கம்பியைக் காட்டினேன். “உங்க தண்ணி அப்படி.” முதல் நாளே இதைத்தானே கேட்டேன் என்றால், “கம்பெனி ஆள் புதன்கிழமை வருவாருங்க.” இரண்டு புதன் போய்விட்டது. மூன்றாவது முறை போன் எடுத்தவர், ஓல்டேஜ் ஏற்ற இறக்கமாக இருக்கும் என்கிறார். நேற்றிலிருந்து என் நம்பரை எடுப்பதே இல்லை. 11,600 ரூபாய், ஒரு மன்னிப்புகூட இல்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

வாங்கும் முன் கடையிலேயே, சம்ப் கம்பிகளைத் தண்ணீரில் விட்டுவிட்டு, மேல் டேங்க் ஒயரைப் பெட்டியிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். கழற்றியதும் மோட்டார் விளக்கு எரிந்தால் அந்தப் பெட்டி வேண்டாம், ஒயர் அறுந்தாலும் கம்பி ஒடிந்தாலும் அது மோட்டாரை ஓட்டும். கம்பி சென்சார்தான் வேண்டுமென்றால், கம்பிக்கு ஏ.சி. போகிறதா என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அப்படி இருந்தாலும் உப்புப் படிவதையும் மூடி ஈரத்தையும் அவ்வப்போது துடைக்கத்தான் வேண்டும்.

நான் இப்போது போட்டிருப்பது கேபிளில் தொங்கும் இரண்டு மிதவை சுவிட்ச். மேலே உள்ளது, தண்ணீர் இறங்கித் தொங்கும்போது இணைப்பு கொடுக்கும். சம்பில் உள்ளது, மிதக்கும்போது இணைப்பு கொடுக்கும். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக, மோட்டாரைப் போட்டு அணைக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரின் காயிலுக்குப் போகிறது. எந்த ஒயர் அறுந்தாலும் மோட்டார் நிற்கும். கேபிளைக் கட்டிய இடத்திலிருந்து மிதவை வரை விடும் நீளத்தைப் பொறுத்துத்தான் போடும் மட்டத்துக்கும் நிற்கும் மட்டத்துக்கும் உள்ள இடைவெளி அமையும், ஒரு முழமாவது விடுங்கள், குழாயில் சிக்காத இடமாகப் பாருங்கள். மிதவைக்கு 24 வோல்ட் கொடுங்கள், 230 வேண்டாம். மோட்டார் லைனில், கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. இருக்கட்டும்.

பெட்டிக்குள் இருக்கும் சின்ன ரிலே மேல் 10 ஆம்பியர் என்று போட்டிருப்பதை நம்பி மோட்டாரை நேராக மாட்டாதீர்கள். ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கும், முனை ஒட்டிக்கொண்டால் எந்த சென்சாராலும் நிறுத்த முடியாது.

திங்கட்கிழமை ஒடிந்த கம்பியோடும் பில்லோடும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகிறேன். இதே மாதிரி கம்பி ஒடிந்தவர்கள் இருந்தால் போட்டோ எடுத்து வையுங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.