டெக்ஸ்ட்ரோஸா, சலைனா: ஏற்றிய நீர் எங்கே போய்த் தங்குகிறது?

60 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறக்குறைய 36 லிட்டர் நீர் இருக்கிறது. அதில் 24 லிட்டர் செல்களுக்குள். மீதி 12 லிட்டரில் 9 திசு இடைவெளிகளிலும் 3 ரத்தத்தின் பிளாஸ்மாவிலும் இருக்கின்றன. நுண்குழாய்களின் சுவரை நீரும் உப்பும் எளிதாகக் கடந்துவிடும். செல்லின் சவ்வு அப்படியல்ல: நீரை விடும், ஆனால் உள்ளே கசியும் சோடியத்தை ஒரு பம்ப் ஓயாமல் வெளியே தள்ளும். சோடியம் எங்கே தங்குகிறதோ அங்கேதான் நீரும் தங்கும்.

நார்மல் சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பிலுள்ள சோடியம் செல்லுக்குள் தங்க முடியாததால் ஏற்றிய நீர் முழுவதும் வெளியிலேயே நிற்கும். சுமார் 250 மில்லி ரத்தத்தில், 750 மில்லி திசுக்களில்.

5% டெக்ஸ்ட்ரோஸ் லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரை கொண்டது. ரத்தத்தில் கலக்கும் இடத்தில் சிவப்பணுக்கள் வெடிக்காமல் காப்பது அந்தச் சர்க்கரைதான். ஆனால் செல்கள் அதைச் சீக்கிரமே எடுத்து எரித்துவிடும். எஞ்சுவது வெறும் நீர். அது எல்லா இடத்துக்கும் பரவுவதால் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள் போய்விடும். ரத்தத்தில் மிஞ்சுவது 80 மில்லிக்குச் சற்று மேல்தான். ‘குளுக்கோஸ் ஏத்தினா தெம்பு வரும்’ என்பார்கள். ஒரு பாட்டில் தருவது 200 கலோரிகூட இல்லை.

கடும் வயிற்றுப்போக்கில் அந்த 60 கிலோ ஆண் 2 லிட்டர் இழந்து, நாடித்துடிப்பு 130க்கு ஏறி, ரத்த அழுத்தம் சரிந்து வருகிறார் என்று வையுங்கள். இழந்தது உப்பும் நீரும். இங்கே டெக்ஸ்ட்ரோஸைத் தேர்வு செய்வது தவறு என்றே சொல்வேன். ரத்தக்குழாய் நிரம்பாது, அதோடு சோடியம் நீர்த்துப்போய் மூளைச் செல்கள் வீங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம், பிறகு வலிப்பு என்று அது வெளியே தெரியும். சலைனோ, அதுபோலவே சோடியம் கொண்ட ரிங்கர் லாக்டேட் திரவமோ வேகமாக ஏறினால் நாடி தணியும், சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வரத் தொடங்கும். அளவு மீறினால் அந்தத் திசு நீரே கால் வீக்கமாகவும் மூச்சுத்திணறலாகவும் திரும்பும்.

இன்னொருவர் 50 கிலோ எடையுள்ள மூதாட்டி. தாகம் சொல்லத் தெரியாமல் பல நாள் நீர் குடிக்கவில்லை. ரத்த அழுத்தம் பரவாயில்லை, ரத்தத்தில் சோடியம் மட்டும் லிட்டருக்கு 140 மில்லிமோல் என்ற இயல்பான அளவைத் தாண்டி 160. உடல்நீர் 22.5 லிட்டர் என்று கொண்டால் (160/140 − 1) × 22.5, அதாவது சுமார் 3.2 லிட்டர் நீர் குறைவு. சலைனிலேயே சோடியம் 154. அதைக் கொண்டு 160ஐ நீர்க்க வைப்பது நடக்காது. வற்றிய செல்களுக்கு நீர் போக வேண்டும், அதற்கு டெக்ஸ்ட்ரோஸ்தான் சரி. ஆனால் மெதுவாக: ஒரு நாளில் சோடியம் 10க்கு மேல் இறங்காதபடி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை சோடியத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டு ஏற்ற வேண்டும். குடல் வேலை செய்தால் மூக்குக் குழாய் வழியே கொடுக்கும் சாதாரணத் தண்ணீரும் இதே வேலையைச் செய்துவிடும்.