தோலா, செயற்கைத் தோலா? ராயபுரத்துக் காற்றுக்கு எது தாங்கும்

பீரோவில் பத்திரமாக வைத்த ஹேண்ட்பேக்கை இரண்டு வருடம் கழித்து எடுத்தால், கறுப்புச் செதில் கையோடு வருகிறது. அதிகம் உபயோகிக்கவே இல்லையே என்பார்கள். அது செயற்கைத் தோல், அதாவது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூசிய துணி. கடற்காற்றின் ஈரமே அந்தப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும். பாலிஷ் போட்டாலும் மீளாது.

ஈரம்: நனைந்த செயற்கையைத் துடைத்தால் போதும். தோலில் பூஞ்சை பிடிக்கும். துடைத்து, நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் விறைத்துவிடும்.

ஆயுள்: செயற்கை சில வருடம். தோல் ஷூவுக்குச் சோல் மாற்றி இன்னும் ஓட்டலாம்.

விலை: தோல் அதிகம்தான்.

ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீரில் நடக்கச் செயற்கைச் செருப்பே மேல். தினமும் ஆபீசுக்குத் தூக்கும் பைக்குத் தோல். வாங்குமுன் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: நார் நாராக இருந்தால் பெரும்பாலும் தோல், நெய்த நூல் தெரிந்தால் பூச்சுத் துணி.