தாமதமான பெட்டி: மொத்தமாகக் கேட்பதா, ரசீது வைத்துக் கேட்பதா?

வெளிநாட்டுப் பயணத்தில் என் பெட்டி நான்கு நாள் தாமதமாக வந்தது. விமான நிறுவனத்துக்கு இரண்டு விதமாகவும் புகார்க் கடிதம் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் மன உளைச்சல், அலைச்சல் என்று சொல்லி ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கேட்டேன். பதிலுக்கு நாலு வரி மன்னிப்பு வந்தது. இரண்டாவதில் செலவுக் கணக்கு மட்டும். காசு வந்தது அதற்குத்தான்.

மொத்தமாகக் கேட்பது பத்து நிமிட வேலை, மனசும் ஆறும். ஆனால் விமானப் பயண இழப்பீடு பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான மான்ட்ரியல் உடன்படிக்கை சொல்லும் தொகையை அப்படியே கேட்டுவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகான எஸ்.டி.ஆர். கணக்கில், ஒரு பயணிக்கு 1,519 என்பது உச்சவரம்புதான். அதற்குள் நமக்கு எவ்வளவு நஷ்டம் என்று நாம்தான் காட்ட வேண்டும்.

அதனால் எல்லாம் ரசீதில்தான் வந்து நிற்கிறது. என் இரண்டாவது கடிதம், விமான நிலையக் கவுன்ட்டரில் பெட்டி வரவில்லை என்று பதிந்த பி.ஐ.ஆர். அறிக்கையின் எண், பெட்டியின் டேக் எண், பெட்டி கைக்கு வந்த தேதி ஆகியவற்றோடு தொடங்கியது. அப்புறம் வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஒரு காரணம்: 'சட்டை இரண்டு, மறுநாள் காலைக் கூட்டத்துக்கு', 'சார்ஜர், பழையது பெட்டிக்குள்' என்று. கடை ரசீதுகளை வாங்கிய அன்றே படம் எடுத்து வைத்தது நல்லதாகப் போயிற்று, சில வாரங்களில் அந்தத் தாளில் எழுத்தே மங்கிவிட்டது. கார்டு ஸ்டேட்மென்டில் கடையும் தொகையும் இருக்கும், என்ன வாங்கினோம் என்பது இருக்காது.

பல் துலக்கும் சாமான், சோப்பு எல்லாவற்றுக்கும் முழுத்தொகை கொடுத்தார்கள். துணிக்குப் பாதிதான், 'அவை உங்களிடமே இருக்கின்றனவே' என்றார்கள். சட்டை விஷயத்தில் சரி என்று விட்டுவிட்டேன். கூட்டத்துக்காக வாங்கிய கோட்டுக்கு மட்டும், 'இதே போல ஒன்று பெட்டியில் இருந்தது, இது எனக்கு வேண்டாம், அனுப்பிவைக்கட்டுமா?' என்று எழுதினேன். மீதிப் பாதியும் வந்தது.

கோபக் கடிதத்தாலும் ஒரு பயன் இருந்தது. பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகாரைக் கொடுக்கவோ அனுப்பவோ வேண்டும். பி.ஐ.ஆர். பதிந்ததே போதும் என்று இருந்துவிடக் கூடாது. என் முதல் கடிதம் அந்தக் கெடுவுக்குள் போயிருந்தது, கணக்கை ஆற அமரப் போட முடிந்தது. 21 நாள் ஆகியும் பெட்டியே வராவிட்டால் அது தொலைந்த கணக்கில் சேரும். அப்போது உள்ளிருந்த பொருள்களின் மதிப்பைக் கேட்டு வேறு கடிதம் எழுத வேண்டும்.

இதெல்லாம் ஒரே ஒரு தடவை பட்ட அனுபவம், அதுவும் போகும் வழியில். வீடு திரும்பும்போது பெட்டி தாமதமானால் மாற்றுத்துணி வீட்டிலேயே இருக்கும். அப்போது ரசீது காட்டப் பெரிதாக ஒன்றும் இருக்காது என்றே நினைக்கிறேன்.