மதுரை சுங்குடிக் கடைக்காரர் ஏமாந்த ஸ்ப்ளிட் டெஸ்ட்: போனஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மாசி வீதிப் பக்கம் சுங்குடிச் சேலை விற்கும் ஒருவர் ஆன்லைன் ஆர்டருக்காக ஒரு ஏஜென்சியை அமர்த்தினார். பழைய லேண்டிங் பேஜ் ஏ, புதிதாகச் செய்த பக்கம் பி. விளம்பரத்தில் கிளிக் செய்து வருபவர்களைச் சரிபாதியாகப் பிரித்து, ஆளுக்கொரு பக்கம் காட்டி, எதில் ஆர்டர் அதிகம் விழுகிறது என்று பார்ப்பதாகப் பேச்சு. மாதச் சம்பளத்துக்கு மேல் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: புதிய பக்கம் 95 சதவீத சிக்னிஃபிகன்ஸோடு, அதாவது வித்தியாசத்தைத் தற்செயல் என்று எளிதில் தள்ள முடியாத அளவுக்கு, ஜெயித்தால் தனி போனஸ்.

அவர் பணத்தை இழந்தது அந்த வரியால்தான். ஏஜென்சியின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே வரியை வேறு ஏஜென்சிகளும் நீட்டக்கூடும் என்பதால் நடந்ததை எண்களோடு சொல்கிறோம்.

டெஸ்ட் ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கியது. இரண்டு வாரம் ஓடும் என்று வாய்வார்த்தையாகத்தான் சொன்னார்கள், எழுத்தில் எதுவும் இல்லை. ஏஜென்சி ஆள் தினமும் மாலையில் டேஷ்போர்டைத் திறந்து பார்த்தார். ஆறாம் நாள், புதன் மாலை, போன் வந்தது: "அண்ணே, பி பக்கம் ஜெயிச்சிருச்சு. 95 தாண்டியாச்சு. இனி ஏ பக்கத்துக்கு ஆள் அனுப்பறது வீண் செலவு, நிறுத்திருவோம்."

அன்றைய கணக்கு இது. ஏ பக்கத்துக்கு 410 பேர் வந்து 8 ஆர்டர், அதாவது 1.95 சதவீதம். பி பக்கத்துக்கு 395 பேர் வந்து 18 ஆர்டர், 4.56 சதவீதம். அறிக்கையின் முதல் பக்கத்தில் "134% வளர்ச்சி" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். போனஸ் கை மாறியது. அடுத்த மாதம் பி பக்கம் மட்டுமே ஓடியது: 3,900 பேர், 81 ஆர்டர். 2.08 சதவீதம். பழைய பக்கம் கொடுத்துக்கொண்டிருந்த அதே அளவு.

அறிக்கையில் பொய்யான எண் ஒன்றுகூட இல்லை, அதனால்தான் கடைக்காரரால் பிடிக்க முடியவில்லை. கணக்குப் போட்டால், வித்தியாசம் வழக்கமான தற்செயல் ஏற்றத்தாழ்வைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லும் z மதிப்பு 2.09, அதிலிருந்து கிடைக்கும் p மதிப்பு சுமார் 0.037 வருகிறது. 95 சதவீதத்துக்கான எல்லை 0.05, அதற்குக் கீழே என்பதால் "95 தாண்டியது" என்று சொன்னதும் சரி. ஆனால் அந்த 0.037-க்கு அர்த்தம், பி பக்கம் நல்லது என்பதற்கு 96 சதவீத வாய்ப்பு என்பதல்ல. இரண்டு பக்கமும் ஒரே தரம் என்றே வைத்துக்கொண்டாலும், இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக நூற்றுக்கு மூன்று நான்கு முறை வரும் என்பதே அர்த்தம். அதுவும் முன்பே குறித்த அளவுக்கு ஆட்கள் வந்தபின், ஒரே ஒரு முறை பார்த்தால் மட்டும்.

தினமும் பார்த்து, 95 தொட்ட அன்றே நிறுத்தினால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். வித்தியாசமே இல்லாத இரண்டு பக்கங்களை வைத்து, சம இடைவெளியில் ஐந்து முறை பார்த்து, எப்போது 0.05-க்குக் கீழே போகிறதோ அப்போது நிறுத்துவது என்று வைத்தால், பொய்யான வெற்றிக்கு வாய்ப்பு 5 சதவீதம் அல்ல, சுமார் 14. பத்து முறை பார்த்தால் சுமார் 19. ஆட்கள் குறைவாக இருக்கும்போது ஆர்டர் விகிதம் பலமாக ஏறி இறங்கும். அந்த ஏற்றத்தில் ஒரு நாளைப் பிடித்து நிறுத்துவதுதான் இங்கே நடந்தது. போனஸ் வரி அந்த நாளுக்காகக் காத்திருக்கச் சொல்கிறது. ஆகவே இதைக் கவனக்குறைவு என்று எங்களால் விட முடியவில்லை.

அறிக்கையில் இல்லாத இன்னொரு எண்ணும் உண்டு. இரண்டு விகிதங்களுக்கும் இடையே உள்ள 2.61 புள்ளி வித்தியாசத்துக்கு, உண்மையான வித்தியாசம் எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் 95 சதவீத இடைவெளி போட்டால் 0.15-லிருந்து 5.06 வரை நீள்கிறது. அதாவது இந்த 805 பேரை வைத்துப் பார்த்தால், லாபம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதும் பொருந்தும், மூன்று மடங்குக்கு மேல் என்பதும் பொருந்தும். இவ்வளவு அகலமான இடைவெளியிலிருந்து "134%" என்ற ஒற்றை எண்ணை எடுத்து அச்சிடுவது அநியாயம்.

சரி, எத்தனை பேர் வேண்டும்? டெஸ்ட் தொடங்கும் முன்பே தாளில் போட்டுவிடக்கூடிய கணக்கு:

```
n = 16 × p × (1 − p) ÷ d²
```

n என்பது ஒரு பக்கத்துக்கு வேண்டிய ஆட்கள். இங்கே p என்பது மேலே சொன்ன p மதிப்பு அல்ல, இரண்டு பக்க ஆர்டர் விகிதங்களின் சராசரி, d என்பது நீங்கள் கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசம், இரண்டும் தசமத்தில். 0.05 அளவுகோலில், அந்த வித்தியாசம் உண்மையிலேயே இருந்தால் அதைப் பிடிக்க 80 சதவீத வாய்ப்பு தரும் தோராயமான சூத்திரம் இது.

இந்தக் கடைக்குப் போட்டுப் பார்ப்போம். இப்போதைய விகிதம் 2 சதவீதம். அது 2.6 ஆகிறதா என்று அறிய வேண்டுமானால் p 0.023, d 0.006. ஒரு பக்கத்துக்குச் சுமார் 10,000 பேர், இரண்டுக்கும் 20,000. டெஸ்ட் நாட்களில் கடைக்கு வந்தது நாளுக்குச் சுமார் 134 பேர். ஐந்து மாதம் ஆகும். 2 சதவீதம் 3 ஆகிறதா என்று பார்க்க ஒரு பக்கத்துக்கு 3,900 பேர், எட்டு வாரத்துக்குச் சற்று மேல். இரட்டிப்பாகி 4 ஆகிறதா என்றால் சுமார் 1,160 பேர் போதும். அது பதினெட்டு நாள், முழு வாரங்களாக்கினால் மூன்று வாரம்.

இந்த அளவு வரத்து உள்ள கடையில் பட்டன் நிறத்தை மாற்றி டெஸ்ட் செய்வதில் பயனில்லை, அவ்வளவு சிறிய மாற்றம் கணக்கில் பிடிபடாது. விலையை முதலிலேயே காட்டுவது, கேஷ் ஆன் டெலிவரி கொடுப்பது, சேலையைக் கட்டியிருக்கும் படம் போடுவது போன்ற பெரிய மாற்றங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏஜென்சி இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

முழு வாரம் என்பதிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெள்ளி முதல் புதன் வரை ஓடிய டெஸ்டில் வியாழக்கிழமை வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. சித்திரைத் திருவிழா வாரத்தில் வருபவர்கள் ஆடி மாதத்தில் வருபவர்களைப் போல வாங்குவதில்லை, எனவே திருவிழா நாட்களை மட்டும் வைத்து ஆண்டு முழுமைக்கும் முடிவெடுக்க முடியாது.

ஆட்கள் சரிபாதியாகப் பிரிந்தார்களா என்பதையும் பாருங்கள். இங்கே 410, 395 என்று வந்தது இயல்பான ஏற்றத்தாழ்வுதான். 450, 355 என்று வந்திருந்தால் அது தற்செயலாக ஆயிரத்தில் ஒரு முறைகூட வராது. பெரும்பாலும் ஒரு பக்கம் மெதுவாகத் திறந்து, எண்ணப்படுவதற்குள் ஆட்கள் போய்விட்டிருப்பார்கள். அப்படி வந்தால் ஆர்டர் கணக்கைப் படிக்கவே வேண்டாம், கோளாறைச் சரிசெய்து முதலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர், எந்தத் தேதியில் நிறுத்துவது, எதை வெற்றியாக எண்ணுவது. வாட்ஸ்அப் பட்டனைத் தட்டியது ஆர்டர் ஆகாது, பணம் வந்த ஆர்டரையே எண்ணச் சொல்லுங்கள். அனலிட்டிக்ஸ் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், நாள்வாரிக் கணக்கை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். போனஸ் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், மாற்றத்துக்குப் பிந்தைய மூன்று மாத ஆர்டரைப் பார்த்துக் கொடுப்பதாக எழுதுங்கள். பருவம் மாறினால் அந்தக் கணக்கும் ஓரளவு ஆடும், ஆனால் ஆறாம் நாள் மாலையில் அதை யாராலும் பறிக்க முடியாது.

இந்தக் கடைக்காரர் பழைய பக்கத்துக்குத் திரும்ப வேண்டிய அவசியம் இல்லை. பி மோசம் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. அவர் திரும்பக் கேட்க வேண்டியது போனஸ் தொகையை, கேட்கும்போது கையில் வைத்திருக்க வேண்டியது அந்த ஆறு நாளின் நாள்வாரிக் கணக்கும் அடுத்த மாதத்து 3,900 பேரின் கணக்கும்.