எஸ்பிரசோ மெஷினுக்கு கார்ட்ரிட்ஜா, ஆர்ஓ தண்ணீரா? லாஸ்பேட்டை போர் தண்ணீரில் போட்ட கணக்கு

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு லேசில் வேகாது. குழாய் வாயில் எப்போதும் உப்புப் பூத்திருக்கும். இது தெரிந்தும் எஸ்பிரசோ மெஷினில் அதையே ஊற்றினேன். தொட்டிக்குள் பொருத்தும் ஃபில்டர் கார்ட்ரிட்ஜ் கூடவே வந்ததால் அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். ஒன்பதாவது மாதம் ஆவியின் வேகம் குறைந்தது, காப்பி இறங்க அதிக நேரம் பிடித்தது. பார்க்க வந்த மெக்கானிக் அண்ணன் குரூப் ஹெட்டின் சல்லடையைக் கழற்றினார். பின்பக்கம் முட்டை ஓடு மாதிரி வெள்ளைச் செதில்கள். ஒரு செதிலை உள்ளங்கையில் வைத்து இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டதும் நுரைத்தது. “என்ன தண்ணி சார் ஊத்துறீங்க?” என்றுதான் முதலில் கேட்டார்.

அதற்கப்புறம் இரண்டு வழிகளையும் அளந்து பார்த்தேன். ஒன்று, போர் தண்ணீரோடு கார்ட்ரிட்ஜ். இன்னொன்று, கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு ஆர்ஓ தண்ணீர். இப்போது 14 மாதமாக ஆர்ஓ பக்கம்தான் இருக்கிறேன்.

குளோரின் வாடையை இரண்டுமே எடுத்துவிடும், அதில் போட்டி இல்லை. கார்ட்ரிட்ஜின் முக்கிய வேலையைச் செய்வது அதிலுள்ள ரெசின் மணிகள். தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்து இருந்தால், சூடேறும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறி கால்சியம் கார்பனேட்டாகப் படியும். அந்தச் செதில் இதுதான். என் கார்ட்ரிட்ஜ் வகை ரெசின், கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்கு ஹைட்ரஜன் அயனியை விடுகிறது. அது பைகார்பனேட்டைத் தீர்த்துவிடுவதால் படிவதற்கு ஒன்றும் மிஞ்சாது. சோடியத்தை விடும் வகையும் உண்டு. அதில் கால்சியம் போய்விடும், பைகார்பனேட் அப்படியே இருக்கும்.

ரெசின் மணிகள் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. பெட்டியில் “50 லிட்டர் அல்லது 2 மாதம்” என்று போட்டிருந்தது. அந்த 50 லிட்டர் நடுத்தரமான தண்ணீரை மனதில் வைத்துச் சொன்னது. லிட்டருக்கு 180 மில்லிகிராம் கடினத்தன்மை என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 9 கிராம் பிடிக்கும் என்று அர்த்தம். மீன் தொட்டிக் கடையில் சொட்டு சொட்டாக விட்டு அளக்கும் கிட் கிடைக்கும். ஜிஎச் என்பது மொத்தக் கடினத்தன்மை, கேஎச் என்பது பைகார்பனேட் பக்கம், ஒரு சொட்டு சுமார் 18 மில்லிகிராம். எங்கள் போர் தண்ணீருக்கு ஜிஎச் 22 சொட்டு, கேஎச் 14 சொட்டு. அதாவது ஏறக்குறைய 390, 250. இந்த வகை ரெசின் கேஎச் அளவுக்குத்தான் வேலை செய்யும் என்பதால் 9 கிராமை 250 மில்லிகிராமால் வகுத்தால் 36 லிட்டர். கப் கழுவுவது, ஆவி எல்லாம் சேர்த்து எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்றேகால் லிட்டர் போகிறது. ஆக 29 நாள்.

கணக்கோடு விடாமல் புது கார்ட்ரிட்ஜ் போட்டு அளந்தேன். அது தொட்டியின் அடியில், பம்பு உறிஞ்சும் வாயில் இருக்கிறது. அதனால் தொட்டித் தண்ணீரை அளந்து பயனில்லை. தூள் போடாமல் குரூப் ஹெட் வழியாகத் தண்ணீரை விட்டு, ஆறவைத்து அளக்க வேண்டும். முதல் நாள் கேஎச் 4 சொட்டு. பத்தாம் நாள் 6. இருபதாம் நாள் 9. இருபத்தேழாம் நாள் 12. கிட்டத்தட்ட வெறும் போர் தண்ணீர். மெஷின் விளக்கோ இன்னும் ஒரு மாதம் கழித்துத்தான் எரியும், ஏனென்றால் அது நாளை எண்ணுகிறது, தண்ணீரை அளப்பதில்லை. இதைவிட மோசம், ஃபில்டர் இருக்கிறது என்று அமைப்பில் சொல்லிவிட்டால் சில மெஷின்கள் உப்பு நீக்கும் எச்சரிக்கையையே தள்ளிப்போட்டுவிடும். அந்த ஒன்பது மாதமும் எனக்கு நடந்தது இதுதான்.

டிடிஎஸ் மீட்டரும் இங்கே கைகொடுக்காது. சோடியம் வகை ரெசினில் ஓர் உப்பு போய் இன்னோர் உப்பு வருகிறது, எண் அசையாது. என் வகையில் எண் கொஞ்சம் இறங்கும், ஆனால் 890-க்கும் 700-க்கும் நடுவே எங்கே தீர்ந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை. சொட்டு கிட்தான் வழி. கேஎச் 7 சொட்டைத் தாண்டினால் நான் மாற்றிவிடுவேன். அந்தக் கணக்கில் எனக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்று வேண்டும். ஒன்று 1,100 ரூபாய்க்கு வாங்கினேன்.

செலவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை மாற வைத்தது குளோரைடு. கார்ட்ரிட்ஜ் இதைத் தொடவே தொடாது. ரெசின் பிடிப்பது கால்சியம் மாதிரி நேர் அயனிகளை, குளோரைடு எதிர் அயனி. கார்ட்ரிட்ஜில் ரெசினோடு இருக்கும் கரி எடுப்பது குளோரினை, குளோரைடை அல்ல. பெயர் ஒத்திருப்பதால் பலரும் குழம்புவது இங்கேதான். கடலோர ஊர்களில் போர் தண்ணீரில் இது ஏறியே இருக்கும், பரிசோதனைக் கூடத்தில் எங்கள் தண்ணீருக்கு 210 மில்லிகிராம் வந்தது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 250 வரை ஏற்கிறது, ஆகவே குடிக்கலாம். ஆனால் சூடான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாய்லரில் குளோரைடு ஊசிக்குத்து மாதிரி அரித்துத் துளை போடும். 30-க்குள் இருப்பது நல்லது. சுண்ணாம்புப் படிவை சிட்ரிக் அமிலம் கரைத்துவிடும், துளையை அடைக்க ஒன்றும் கிடையாது.

முதலில் நான்கு பங்கு ஆர்ஓ, ஒரு பங்கு போர் என்று கலந்தேன். கடினத்தன்மை அழகாக 80-க்கு வந்தது. குளோரைடு? போர் பங்கிலிருந்து 42, ஆர்ஓ தண்ணீரிலேயே இருக்கும் கொஞ்சம், சேர்த்து 50. அதையும் விட்டேன்.

வெறும் ஆர்ஓ தண்ணீரையும் ஊற்றக் கூடாது. சுவை தட்டையாகிவிடும், அமிலத்தைத் தாங்க தண்ணீரில் ஒன்றும் இருக்காது. பாய்லரின் நீர்மட்டத்தை மின்கடத்தலால் அறியும் மெஷின்களுக்கு தண்ணீர் இருப்பதே தெரியாமலும் போகும். அதனால் சமையல் சோடா சேர்க்கிறேன். பேக்கிங் பவுடர் அல்ல, வெறும் சோடா. ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் 8.4 கிராம் கரைத்து பாட்டிலில் வைத்திருக்கிறேன். மெஷினுக்கு ஊற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அதில் 10 மில்லி. கேஎச் கிட்டத்தட்ட 3 சொட்டு வரும், கால்சியமே இல்லாததால் படிவும் இல்லை. 14 மாதத்தில் இரண்டு தரம் சல்லடையைக் கழற்றினேன், காப்பி எண்ணெய்தான் இருந்தது. நாங்கள் குடிப்பது நடுத்தர வறுவல், அதற்கு சுவை நன்றாகவே இருக்கிறது. லேசான வறுவல் குடிப்பவர்களுக்குக் கொஞ்சம் மக்னீசியம் இல்லாதது குறையாகப் படலாம்.

இந்தப் பக்கம் டிடிஎஸ் மீட்டர் உண்மை பேசும். சோடா சேர்க்கும் முன் எங்கள் ஆர்ஓ 30 காட்டுகிறது. அது 60-க்கு ஏறினால் மெம்பிரேன் தளர்கிறது என்று பொருள். ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள். பல வீட்டு ஆர்ஓ கருவிகளில் டிடிஎஸ் கண்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும். அது மெம்பிரேனைத் தொடாத தண்ணீரைச் சுவைக்காகக் கலக்கிறது, குளோரைடும் அதோடு வந்துவிடும். எங்கள் வீட்டில் அதை முழுக்க மூடியதும்தான் 110 காட்டிய எண் 30-க்கு இறங்கியது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தங்கை வீட்டுத் தண்ணீரையும் அளந்தேன். கேஎச் 5 சொட்டு, பரிசோதனையில் குளோரைடு 28. அவளுக்குக் கார்ட்ரிட்ஜே போதும் என்று சொல்லிவிட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு காப்பிதான், ரெசின் தீர ஐந்தாறு மாதம் ஆகும். ஆனாலும் இரண்டு மாதத்தில் மாற்றச் சொன்னேன், ஏனென்றால் ஈரமாகவே இருக்கும் கரியில் கிருமி வளர்ந்து வழவழப்புப் படியும். புதியதைப் போடும்போது முதலில் தண்ணீருக்குள் அமுக்கி, குமிழி நிற்கும்வரை பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பம்பு காற்றை இழுக்கும்.