கணினித் தேர்வில் விசைப்பலகையா, சுட்டியா?

நகர்தல்: சுட்டியால் வினா எண்ணைச் சொடுக்கினால் நேரே அந்த வினாவுக்குப் போகலாம், விசைப்பலகையிலோ Tab விசையைப் பலமுறை அழுத்த வேண்டும், குறுக்குவிசை இருந்தாலொழிய.

விடை தேர்தல்: இங்குதான் விசைப்பலகை ஆபத்தானது. 'ஆ' என்ற விடையைக் குறித்தபின், பக்கத்தை நகர்த்த எண்ணிக் கீழ் அம்புவிசையை அழுத்தினால், விசையழுத்தங்களை ஏற்கும் இடமான குவியம் விடைப்பட்டியலிலேயே இருப்பதால், தெரிவு ஓசையின்றி 'இ'க்கு மாறிவிடும். அடுத்த வினாவுக்குச் செல்லுமுன் நிரம்பிய வட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுபார்வைக் குறி: பின்னர் திரும்பிப் பார்க்க வினாவைக் குறித்துவைப்பதில் பெரிய வேறுபாடில்லை.

கால்குலேட்டர்: எண்விசைகளை ஏற்கும் மென்பொருளில் விசைப்பலகையே வேகமானது, ஆனால் கால்குலேட்டர் சாளரம் குவியத்தில் இல்லையெனில், இலக்கங்கள் விடைப்பெட்டிக்குள் விழக்கூடும்.

நீண்ட கணக்குகளுக்கு விசைப்பலகையும், வினாக்களிடையே தாவுவதற்குச் சுட்டியும் பொருந்தும். விசைப்பலகையை முடக்கிவைக்கும் தேர்வுகளும் உண்டென்பதால், மாதிரித் தேர்விலேயே இதைச் சோதிப்பது நல்லது.