ஒரே மருந்து, இரண்டு பெயர்கள்: மருந்துப் பட்டியலைச் சீராக்கும் நான்கு வழிகளின் ஒப்பீடு

கொழும்பில் நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் உள்ள ஒருவர் அரச வைத்தியசாலைக் கிளினிக்கிலும் தனியார் சானலிங்கிலும் ஒரே காலத்தில் மருந்து எடுத்துவருவது மிகவும் சாதாரணமான நிலைமை. பேராசிரியர் சேனக பிபிலே முன்னெடுத்த கொள்கையின் தொடர்ச்சியாக கிளினிக் புத்தகத்தில் பெரும்பாலும் மூலப்பெயரே எழுதப்படுகிறது. தனியார் துண்டில் வணிகப்பெயர் முந்திக்கொள்கிறது. இரண்டையும் ஒரே பட்டியலாக்கி, எந்தச் செயற்படு மூலப்பொருள் இருமுறை உட்கொள்ளப்படுகிறது என்று கண்டுபிடிக்க நான்கு வழிகள் உள்ளன. பாமசியில் கணினியைக் கையாள்பவரும், கிளினிக்குக்கு மென்பொருள் எழுதுபவரும் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை ஓர் உதாரணப் பட்டியலைக் கொண்டு பார்ப்போம்.

கற்பனையான நம் நோயாளியின் கிளினிக் புத்தகத்தில் மெற்ஃபோமின் 500 மி.கி. மூன்று வேளை, லொசாற்றன் 50 மி.கி. இரவில் ஒன்று, வலிக்குப் பரசிற்றமோல் ஆகியவை உள்ளன. தனியார் வைத்தியரின் துண்டில் ஜனுமெற் 50/1000 இரண்டு வேளை, எக்ஸ்ஃபோர்ஜ் 5/80 காலையில் ஒன்று, முழங்கால் வலிக்கு அல்ட்ராசெற் என்று இருக்கிறது. ஆறு வரிகளிலும் ஆறு வெவ்வேறு பெயர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எதுவும் இரட்டிப்பாகத் தெரியாது.

முதல் வழி, வணிகப்பெயருக்கு நேரே ஒரு மூலப்பெயரை வைத்த இரு நிரல் அட்டவணை. பனடோல் என்றால் பரசிற்றமோல், நோர்வாஸ்க் என்றால் அம்லோடிபின் என ஒரு நாளிலேயே தயாரித்துவிடலாம். ஒற்றை மூலப்பொருள் கொண்ட குளிசைகளுக்கு இது போதும். ஆனால் ஜனுமெற்றில் சிற்றாக்ளிப்டினும் மெற்ஃபோமினும் சேர்ந்திருக்கின்றன. அட்டவணை இதைச் "சிற்றாக்ளிப்டின் + மெற்ஃபோமின்" என்ற ஒரே சொற்றொடராக மாற்றும். கணினிக்கு அது "மெற்ஃபோமின்" என்பதற்குச் சமமல்ல. பெயர்கள் எல்லாம் ஒழுங்காக மாறிவிட்டதால் பட்டியல் சரிபார்க்கப்பட்டது போலத் தோற்றமளிக்கும். ஒன்றும் மாற்றாத பழைய பட்டியலைவிட இதையே நான் ஆபத்தானதாகக் கருதுகிறேன், ஏனெனில் பழைய பட்டியலைப் படிப்பவர் குறைந்தபட்சம் சந்தேகத்தோடாவது படிப்பார்.

இரண்டாவது வழி, உலக சுகாதார நிறுவனத்தின் ATC குறியீடுகளை ஒப்பிடுவது. வகைப்படுத்தலுக்கு மிகச் சிறந்த இம்முறை, இரட்டிப்பைத் தேடுகையில் எதிர்பாராத இடத்தில் சறுக்குகிறது. மெற்ஃபோமினுக்கு A10BA02 என்ற குறியீடும், சிற்றாக்ளிப்டின்–மெற்ஃபோமின் கூட்டுக்கு A10BD07 என்ற தனிக் குறியீடும் உள்ளன. முழுக் குறியீடும் பொருந்தாது. முதல் ஐந்து எழுத்துகளும் பொருந்தா. சரி, முதல் நான்கை மட்டும் பார்ப்போம் என்று A10B வரை தளர்த்தினால், மெற்ஃபோமினோடு கிளிக்ளசைட் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் எச்சரிக்கை எழும். அது நாள்தோறும் எழுதப்படும், முற்றிலும் சரியான சேர்க்கை. பரசிற்றமோலிலோ அந்தத் தளர்வும் உதவாது. தனிப் பரசிற்றமோல் N02BE01, திரமடோலுடன் சேர்ந்த அல்ட்ராசெற் N02AJ13. நான்காம் எழுத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. மறுபுறம் டைக்ளோஃபெனக் குளிசைக்கு ஒரு குறியீடும், பூசும் ஜெல்லுக்கு வேறொன்றும் இருப்பது நமக்கு வசதியே. உள்ளே போவதையும் தோலில் பூசுவதையும் அது தானே பிரித்துத் தருகிறது.

மூன்றாவது வழி, அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் இலவசமாக வழங்கும் RxNorm என்ற மருந்துப்பெயர்த் தரவுத்தொகுப்பு. கூட்டு மருந்தை அதன் மூலப்பொருள்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுப்பதே இதன் பலம். மெற்ஃபோமின் எந்தக் குளிசைக்குள் இருந்தாலும் அதன் எண் 6809 தான். நமக்குத் தேவையான சிந்தனை இதுவே. ஆனாலும் அது அமெரிக்கச் சந்தைக்காகக் கட்டப்பட்டது. அங்கு அனுமதி பெறாத வில்டாக்ளிப்டின் கலந்த கல்வஸ் மெற்றையோ, கொழும்புப் பாமசிகளில் நிறைந்திருக்கும் இந்திய, பாகிஸ்தானியத் தயாரிப்புகளையோ அதில் தேடிப் பயனில்லை. பரசிற்றமோலை அது அசெற்றமினோஃபென் என்றும், சல்பியூற்றமோலை அல்பியூற்றரோல் என்றும் காட்டும் என்பதையும் முன்கூட்டியே கையாள வேண்டும். கிடைக்காத பெயருக்கு எழுத்தில் நெருங்கிய பெயரைத் தரும் தேடலை மட்டும் தானியங்கியாக ஏற்கவே கூடாது. எழுத்தில் நெருங்கியது மருந்தில் வெகுதூரமாக இருக்கலாம்.

நான்காவது வழி, உள்ளூரில் விற்கப்படும் ஒவ்வொரு தயாரிப்புக்கும் எத்தனை மூலப்பொருள்களோ அத்தனை வரிகள் வைத்த அட்டவணை:

```
product         ingredient    mg    route
Janumet 50/1000 sitagliptin   50    oral
Janumet 50/1000 metformin     1000  oral
Exforge 5/80    amlodipine    5     oral
Exforge 5/80    valsartan     80    oral
Ultracet        tramadol      37.5  oral
Ultracet        paracetamol   325   oral
```

இதன் மீது நம் பட்டியலை விரித்தால் மூலப்பொருள்வாரியாகக் கூட்டல் போடலாம். மெற்ஃபோமின் கிளினிக்கிலிருந்து 1500, ஜனுமெற்றிலிருந்து 2000, ஆக நாளொன்றுக்கு 3500 மி.கி. வழமையான உச்சமான 3000ஐ அது தாண்டுகிறது. சிறுநீரக வடிகட்டல் வீதம் நிமிடத்துக்கு 30 முதல் 44 மில்லிலீற்றர் வரை குறைந்தவருக்கு 1000 மி.கி.தான் எல்லை என்பதால், அவருக்கு இது மூன்றரை மடங்கு. "இரட்டிப்பு உள்ளது" என்ற வெறும் சிவப்புக் குறியைவிட இந்தக் கூட்டுத்தொகையைக் காட்டுவதே வைத்தியருக்குப் பயன்படும். பரசிற்றமோலும் இரண்டு வரிகளில் சிக்கும். அது தேவைப்படும்போது மட்டும் எடுப்பதாக இருந்தால், எழுதியுள்ளபடி ஒரு நாளில் அதிகபட்சம் எடுக்கக்கூடியதையே கணக்கிட்டு, நாலு கிராம் எல்லையோடு ஒப்பிட வேண்டும்.

இந்த அட்டவணையிலும் லொசாற்றனும் வல்சாற்றனும் தப்பிவிடும். மூலப்பொருள்கள் வெவ்வேறு, வேலை ஒன்றே. இங்குதான் ATC திரும்பவும் தேவைப்படுகிறது, ஆனால் தயாரிப்புக்கு அல்ல, பிரித்தெடுத்த ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் அதன் தனிக் குறியீட்டை இட்டு. C09CA01, C09CA03 என்று வரும்போது முதல் ஐந்து எழுத்துகள் பொருந்தி, ஒரே வகை மருந்து இரண்டு என்ற தாழ்ந்த தர எச்சரிக்கை எழும். மூலப்பொருள் இரட்டிப்பையும் வகை இரட்டிப்பையும் ஒரே நிறத்தில் காட்டினால் இரண்டையும் யாரும் படிக்கமாட்டார்கள்.

என் தேர்வு இந்த நான்காவது வழிதான். அதன் விலை பராமரிப்பு: புதிய தயாரிப்பு வரும்போதெல்லாம் ஒரு மருந்தாளர் பெட்டியின் மீதுள்ள அளவுகளைப் பார்த்துப் பதிய வேண்டும். டைக்ளோஃபெனக்கின் சோடியம் உப்பையும் பொற்றாசியம் உப்பையும் ஒரே மூலப்பொருளின் கீழ் கொண்டுவரும் வேலையும் அவருடையதே. இல்லாவிட்டால் வோல்டரனும் கற்றாஃப்ளாமும் அந்நியர்களாகவே இருந்துவிடும். பொய் எச்சரிக்கைகளும் வரும். தைரொக்சின் 100, 25 என்று இரண்டு குளிசைகளை ஒரே துண்டில் எழுதுவது 125 மைக்ரோகிராம் கொடுப்பதற்கான வழக்கமான ஏற்பாடு. ஆகவே ஒரே நாளில் ஒரே வைத்தியர் எழுதிய இரு பலங்களை இரட்டிப்பாக அன்றிக் கூட்டுத்தொகையாக மட்டுமே காட்டலாம். இரு வேறு துண்டுகளிலிருந்து வந்தவற்றுக்கு அந்தச் சலுகை கூடாது.

அட்டவணையில் இன்னொரு நிரலும் வேண்டும்: நாடு. வெள்ளவத்தையில் பல வீடுகளின் மருந்துப் பெட்டியில் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் உறவினர் கொண்டுவந்த போத்தல்கள் இருக்கும். ரைலெனோல் பரசிற்றமோல்தான் என்று தெரிந்தால் போதும், பெனட்ரில் அப்படியல்ல. அமெரிக்காவில் அப்பெயரில் விற்கப்படும் ஒவ்வாமைக் குளிசையில் டைஃபென்ஹைட்ரமின் இருக்கிறது, பிரித்தானியாவில் அதே பெயர்க் குடும்பத்தில் அக்ரிவாஸ்டினும் செற்றிரிசினும் உள்ளன. வாங்கிய நாடு தெரியாத பெயரையும், அட்டவணையில் இல்லாத பெயரையும் கணினி ஊகித்து நிரப்பாமல், "அடையாளம் காணப்படவில்லை" என்ற குறிப்புடன் பட்டியலின் உச்சியில் நிறுத்த வேண்டும். அந்த வரி தீர்க்கப்படும்வரை "இரட்டிப்பு இல்லை" என்ற செய்தியைத் திரையில் காட்ட அனுமதிக்கக் கூடாது.